ஐம்பதுக்கு ஐம்பது எண்டு ஆர் சொன்னது?

"கிங் ஒருத்தரிட்ட இருக்கும், இல்லாட்டி மற்றவரிட்ட, ஆகவே ஃபினெஸ் 50%." பிரிட்ஜில் இந்தச் சோம்பல் கணக்கை விடுங்கோ. எதுவுமே தெரியாதபோதுதான் அது சரி.

டம்மியில் ஸ்பேட் ஏஸும் குயினும். கிங் மேற்கிடம் இருந்தால் ஃபினெஸ் வெல்லும். ஆனால் சீட்டுப் போட்ட மேற்கு, முதல் ஆளாகப் பாஸ் சொன்னவர். இதுவரை ஹார்ட் ஏஸ், கிங், டைமண்ட் ஏஸ் காட்டிவிட்டார்: 4+3+4, மொத்தம் 11 புள்ளி. ஸ்பேட் கிங்கும் சேர்ந்தால் 14. பன்னிரண்டிலேயே ஏலத்தைத் தொடங்கியிருப்பாரே!

ஆக, கிங் கிழக்கிடம், ஃபினெஸ் தோற்கும். கிழக்கின் மற்றச் சீட்டுகளைத் தீர்த்து, கடைசி ஒன்றில் அவரையே வெல்ல விடுங்கோ. பிறகு அவர் ஸ்பேட்தான் போடவேணும்; டம்மி கடைசியாய் ஆடி இரண்டையும் எடுக்கும்.

திருகோணமலையில் 304 ஆடும்போது, கேட்டவரின் கையை ஊகிக்கிறம். பிரிட்ஜில் மட்டும் ஏன் காசு சுண்டிறம்?