'மற்றும்' என்னும் ஒட்டுப்பசை

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப் படித்துறை ஒன்றின் அருகே முன்பொரு மழைக்காலத்தில் அறிவிப்புப் பலகை ஒன்றைக் கண்டோம். எந்த அலுவலகம் வைத்தது என்பது நமக்கு முக்கியமில்லை. அதிலிருந்த வாசகம் ஏறத்தாழ இப்படி அமைந்திருந்தது: "அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது மற்றும் ஆற்றில் நீர்வரத்து அதிகரிக்கும். ஆகவே பொதுமக்கள் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும் மற்றும் மேடான பகுதிக்குச் செல்ல வேண்டும்."

பலகைக்குக் கீழே நின்ற முதியவர் ஒருவர், எருமைகளோடு நீரில் நின்ற பையனை நோக்கிக் கூவினார்: "ஏல, தண்ணி ஏறி வருது, மாட்டைப் பத்திக்கிட்டு மேல ஏறிப் போயிரு!"

இரண்டும் ஒரே செய்தி. பையன் பலகையைப் படித்து நகரவில்லை, கிழவரின் குரலைக் கேட்டுத்தான் நகர்ந்தான். குரலின் அவசரம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாக்கியத்தின் கட்டமைப்பும் ஒரு காரணம் என்பதே நம் வாதம்.

'பத்திக்கிட்டு' என்ற சொல், மாட்டை ஓட்டுவதும் மேலேறுவதும் ஒருங்கே நிகழ வேண்டும் என்கிறது. 'ஏறி' என்பது போகும் வழியைச் சொல்கிறது. 'போயிரு' என்பதன் ஈற்றிலுள்ள 'இரு' நெல்லைப் பேச்சில் 'விடு' என்பதன் வடிவம். தயங்காதே, முடித்துவிடு என்பது அதன் பொருள். பலகையிலுள்ள 'மற்றும்' இவற்றுள் எதையும் சொல்லவில்லை. அதன் இருபுறமும் உள்ள தொடர்களை இடம்மாற்றிப் போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும்: மேட்டுக்குச் செல்ல வேண்டும் மற்றும் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும். எது முன், எது பின், எதனால் எது என்ற கவலை அதற்கில்லை. இரண்டு காகிதங்களை ஒட்டும் பசை அது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பசை அறியாது.

இக்குறையை நாம் சொல்லும்போதெல்லாம் இலக்கிய நண்பர்கள் ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். 'வினையெச்சத் தொடர் பேச்சுக்கும் கதைக்கும் சரி. சிந்தனை உரைநடைக்கு இணைப்புச்சொற்கள்தாம் துல்லியம் தரும்' என்பது அது. இது தமிழை அறியாத வாதம் என்றே கூற வேண்டியிருக்கிறது.

தமிழில் பெயர்களை அடுக்க 'உம்' உண்டு: ஆறும் குளமும், நெல்லும் வாழையும். ஆனால் முற்றுவினையில் அந்த 'உம்' ஒட்டாது. 'வந்தானும் போனானும்' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. இது மொழியில் விடுபட்டுப்போன ஓட்டையன்று. முற்று என்றால் முடிந்தது. முடியாத வினையை முடியாத வடிவத்திலேயே வைத்து, இறுதியில் ஒரே முற்றால் அனைத்தையும் முடிப்பதே தமிழ் கண்ட வழி. 'மற்றும்' என்பதை இரு முற்றுகளுக்கிடையே செருகுவது, ஆங்கிலத்தின் 'அண்ட்' நின்ற இடத்தை எப்படியாவது நிரப்பும் முயற்சி மட்டுமே. தொல்காப்பியர் 'மற்று' என்ற இடைச்சொல்லுக்குச் சொன்ன பொருள்கள் இரண்டு: வினைமாற்று, அசைநிலை. அடுக்கி இணைப்பது அவற்றுள் இல்லை.

துல்லியம் பற்றிப் பேசுவோர் அதே தொல்காப்பியத்தின் வினையியலைப் புரட்ட வேண்டும். 'செய்து' முதலாக வினையெச்ச வாய்பாடுகளை வகுத்த ஆசிரியர், முதல் மூன்றும் தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்று வரையறுத்தார். அதாவது, 'செய்து' என்று ஒருவர் தொடங்கினாலே, அடுத்த வினையைச் செய்பவரும் அவரே என்ற உறுதி கேட்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. 'முருகன் கண்ணனைப் பார்த்தான் மற்றும் சிரித்தான்' என்பதில் சிரித்தது யார் என்று நொடிப்பொழுது தயங்கலாம். 'பார்த்துச் சிரித்தான்' என்பதில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. செய்பவர் மாறினால் மொழி வேறு வடிவம் தருகிறது: கண்ணன் பாட, முருகன் கேட்டான், கண்ணன் பாடியதும் முருகன் எழுந்தான், கண்ணன் பாடியதால் முருகன் எழுந்தான். ஒரு 'மற்றும்' இருந்த இடத்தில் உடனிகழ்வு, பின்னிகழ்வு, காரணம் என மூன்று உறவுகள். எது துல்லியம்?

விதிக்கு விலக்கும் உண்டு. 'கால் ஒடிந்து விழுந்தான்' என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தவன் அவன். உறுப்பின் வினை உடையவனின் வினையோடு சேரும் என்று தொல்காப்பியரே இதற்கு வழிவிட்டார். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதும் வழக்கில் நிற்கிறது. ஒன்று மற்றொன்றாகவே தொடர்ந்து பாய்வதால் காது அதை ஏற்கிறது. ஆனால் 'நகராட்சி தெருவைத் தோண்டி, மழைநீர் தேங்கியது' என்று ஒரு மாணவர் எழுதியபோது நாம் சிவப்பு மையால் சுழித்தோம். தோண்டியவரின் வினை அந்தரத்தில் தொங்குகிறது. 'தோண்டியதால்' என்றிருக்க வேண்டும்.

இது தமிழுக்கு மட்டுமே உரிய அதிசயம் என்று மார்தட்டவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்து இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், இணைப்புச்சொற்களைவிட வினையெச்சங்களையே விரும்புவது திராவிட மொழிகளின் இயல்புகளுள் ஒன்று எனக் குறித்தார். ஜப்பானியமும் துருக்கியும் இவ்வழியிலேயே நடக்கின்றன. இம்மொழிகளில் சட்டமும் எழுதுகிறார்கள், தத்துவமும் எழுதுகிறார்கள்.

இணைப்புச்சொற்களே கூடாது என்பதல்ல நம் கட்சி. 'ஆனால்' என்பதை உடைத்துப் பாருங்கள்: ஆகு என்பதன் நிபந்தனை எச்சம். 'ஏனென்றால்' என்பது 'ஏன் என்று கேட்டால்' என்பதன் சுருக்கம். 'எனவே' என்பதில் இருப்பது 'என' என்னும் எச்சமே. தமிழ் தனக்கு வேண்டிய இணைப்புச்சொற்களைத் தன் எச்சங்களிலிருந்தே செய்துகொண்டது. அவற்றை ஏற்போம். எச்சமும் ஆகாமல், அடுக்கும் ஆகாமல் முற்றுகளுக்கிடையே நிற்கும் ஒன்றைத்தான் மறுக்கிறோம்.

எதிர்த்தரப்பில் உண்மை ஒன்றும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 'அவர் வந்து பேசவில்லை' என்ற வாக்கியத்தில் எதிர்மறை எதுவரை பாய்கிறது? வந்தார், ஆனால் பேசவில்லையா? வரவுமில்லை, பேசவுமில்லையா? எழுத்தில் தொனி இல்லாததால் இரண்டுக்கும் இடமுண்டு. எதிர்மறையும் வினாவும் ஈற்று முற்றில் அமரும்போது இம்மயக்கம் நேரும். மருந்து எளிது: அங்கே சங்கிலியை அறுத்துவிட வேண்டும். 'வந்தார், பேசவில்லை.' காற்புள்ளி போதும், அங்கும் 'மற்றும்' தேவைப்படவில்லை. பத்து எச்சங்களை அடுக்கி மூச்சுத் திணறவைப்பவர்களுக்கும் இதுவே பதில்: செய்பவர் மாறும் இடத்திலும், மறுப்பு புகும் இடத்திலும் முற்றை வையுங்கள்.

துணைவினைகளை இழப்பது இதனினும் பெரிய இழப்பு. பானையை உடைத்துவிட்டான், உடைத்துப்போட்டான், உடைத்துவைத்தான், உடைத்துத்தொலைத்தான். நான்கிலும் பானை ஒன்றுதான் உடைந்தது. சொல்பவரின் மனம் மட்டும் முடிவிலிருந்து அலட்சியத்துக்கும், அங்கிருந்து குற்றச்சாட்டுக்கும், பின் எரிச்சலுக்கும் நகர்கிறது. மொழிபெயர்ப்பு வாடை வீசும் நம் புதிய உரைநடையில் 'உடைத்தான்' மட்டும் எஞ்சுகிறது. பிறகு 'எரிச்சலூட்டும் வகையில்' என்றொரு நீண்ட அடைமொழியைத் தேடி அலைகிறோம்.

அந்தப் பலகையை இன்று நாம் எழுதினால் இப்படி எழுதுவோம்: "அணை திறக்கப்பட்டு ஆற்றில் நீர் பெருகி வருகிறது. கால்நடைகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிச் சென்றுவிடுங்கள்." சொற்கள் குறைந்தன, அவசரம் கூடியது. இதில் நம் கைச்சரக்கு ஏதுமில்லை. படித்துறையில் அந்தக் கிழவர் சொன்னதற்கு எழுத்துச் சட்டை மாட்டியிருக்கிறோம், அவ்வளவே.