மண் உனக்கு, வீடும் உனக்கா?

தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் வண்டூர். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் தீவுகளைக் காணப் பயணிகள் படகேறும் துறை அது. அக்கரையின் அழகைப் பற்றி எழுதச் சுற்றுலாத் துறை இருக்கிறது. நாம் எழுத வேண்டியது, அந்த ஊரில் பிறர் மனையில் தன் கைக்காசைப் போட்டு வீடு கட்டும் உழைப்பாளியைப் பற்றி. குத்தகைக் காலம் முடிகிறது. நிலத்துக்கு உரியவர் 'இடத்தைக் காலி செய்' என்கிறார். அப்போது அந்த வீடு யாருடையது?

'மண் என்னுடையது, ஆகவே மண்மேல் நிற்பதும் என்னுடையது' என்பது நிலவுடைமையாளரின் விடை. இது இயற்கை நியதி போலவும், இதற்கு மாறாகப் பேசுவது பிறர் பொருளைப் பறிப்பது போலவும் நம் தோழர்களிடமே சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு இந்தியச் சட்டத்திலேகூட இடமில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு குத்தகைதாரரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. குத்தகை முடிந்த பிறகும், நிலம் தன் வசம் இருக்கும் வரையில், மண்ணோடு தான் பொருத்திய எல்லாவற்றையும் குத்தகைதாரர் அகற்றிக்கொண்டு போகலாம். நிலத்தை மட்டும் வாங்கியபோது இருந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும். இதுவே அதன் விதி. ஆக, கட்டியவருக்கே கட்டடம் என்பதைப் பிரிட்டிஷ் ஆட்சி இயற்றிய சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த உரிமையை வண்டூருக்குக் கொண்டுபோய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளி ஒருவர் மாத வாடகைக்கு ஒரு மனையைப் பெற்று, 6 லட்சம் ரூபாயில் வீடு கட்டியதாக வைத்துக்கொள்வோம். சிமென்ட்டும் இரும்பும் கப்பலில் வந்தவை. அவற்றின் விலையில் கடல் கடந்த கூலியும் சேர்ந்திருக்கிறது. வீட்டைப் பிரிக்கும்போது கைக்கு வருபவை கூரைத் தகடு, மரச்சட்டம், கதவு, சன்னல் ஆகியவையே. அவற்றைப் பழைய பொருளாக விற்று 1 லட்சத்து 20 ஆயிரம் கிடைக்கலாம். பிரிக்கும் கூலி 40 ஆயிரம், அடித்தளத்தை உடைத்துக் கழிவுத்தொட்டிக் குழியை மூடி மனையைச் சமன்செய்ய 30 ஆயிரம் போனால், மிஞ்சுவது 50 ஆயிரம். அடித்தளமும் சுவரும் பூச்சும் தரையும் இடிபாடாகிவிடும். எடுத்துச் செல்லும் உரிமை என்று சட்டம் தந்தது, 6 லட்சத்தை 50 ஆயிரமாக்கும் உரிமை.

நிலக்காரருக்கும் இது தெரியும். எனவே அவர் வழக்குப் போட வேண்டியதே இல்லை. 'நீ இடித்துத்தான் போகவேண்டும். நான் ஐம்பதாயிரம் தருகிறேன், அப்படியே விட்டுவிட்டுப் போ' என்றால் போதும். மறுமாதம் அந்த வீடு முழு வாடகைக்குப் போகும். மேலும், அப்பிரிவு 'ஒப்பந்தமோ வட்டார வழக்கமோ மாறாக இல்லாதபோது' மட்டுமே செல்லும். காலம் முடிந்ததும் கட்டடம் இழப்பீடின்றி நிலக்காரரைச் சேரும் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால், அந்த ஐம்பதாயிரமும் இல்லை. மாத வாடகைக் குத்தகையை முடிக்க அச்சட்டத்தின் 106ஆம் பிரிவு கேட்பதோ பதினைந்து நாள் அறிவிப்பு.

'அடுத்தவன் மண் என்று தெரிந்துதானே கட்டினான்?' என்று கேட்பார்கள். இக்கேள்விக்கு 1866ஆம் ஆண்டிலேயே இரண்டு விடைகள் கிடைத்தன. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில், ராம்ஸ்டன் பண்ணைக் குடும்பத்தின் மண்ணில், வாடகை செலுத்தும்வரை வெளியேற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மக்கள் வீடு கட்டியிருந்தார்கள். வழக்கு பிரபுக்கள் அவைக்குப் போனபோது, வெறும் நம்பிக்கை உரிமையாகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள். அதே ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் தலைமையில், வேறு வழியில் சென்றது. மண்ணோடு ஒட்டியிருக்கும் காரணத்தால் மட்டுமே கட்டடம் மண்ணுக்கு உரியவரின் சொத்தாகிவிடாது. அத்துமீறி நுழையாமல் உரிமையோடு கட்டியவர் பொருள்களை அகற்றிக்கொள்ளலாம், அல்லது கட்டடம் நிற்குமானால் அதன் மதிப்பைப் பெறலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டில் எதுவென்று தீர்மானிக்கும் உரிமையை நிலக்காரரிடமே விட்டது அதன் குறை. ஆயினும், அந்தமானின் வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் அதே கல்கத்தா நீதிமன்றம்தான் என்பதைத் தோழர்கள் மறந்துவிடக்கூடாது.

அந்தக் குறையை நீக்கியது நீதிமன்றம் அல்ல, சட்டமன்றம். 1921ஆம் ஆண்டின் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், ஹடர்ஸ்ஃபீல்ட் தீர்ப்பு தள்ளிவிட்ட அதே நம்பிக்கையைத் தன் முகவுரையிலேயே ஏற்றது: நியாயமான வாடகை செலுத்தும்வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையில் பிறர் மனையில் கட்டடம் எழுப்பியவர்களைக் காப்பதே தன் நோக்கம் என்றது. அதன்படி அடிமனைக்காரர் வழக்குத் தொடுக்கும் முன் மூன்று மாத அறிவிப்புத் தரவேண்டும். அந்த அறிவிப்பிலேயே கட்டடத்துக்கும் மரங்களுக்கும் எவ்வளவு இழப்பீடு தருவார் என்று தொகை குறிக்க வேண்டும். நீதிமன்றம் தீர்மானித்த இழப்பீட்டை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் வழக்கே தள்ளுபடி. மீண்டும் வழக்குத் தொடுக்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

அனைத்துக்கும் மேலானது அதன் 9ஆம் பிரிவு. வழக்கு அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் மனுச் செய்தால், தன் வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச மண்ணைத் தனக்கே விற்கும்படி உத்தரவு கேட்கலாம். முந்தைய மூன்றாண்டுகளின் சராசரிச் சந்தை மதிப்பே விலை. அதைத் தவணையில் செலுத்தவும் வழியுண்டு. நம் வண்டூர்த் தொழிலாளி சென்னையில் அக்காலத்துக் குத்தகைதாரராக இருந்திருந்தால், 50 ஆயிரத்துக்குக் கையேந்தி நின்றிருக்க மாட்டார். 6 லட்சம் வீட்டின் மதிப்பை நீதிமன்றத்தில் கேட்டிருப்பார், அல்லது மண்ணையே வாங்கியிருப்பார்.

இந்தப் பாதுகாப்பும் நிலைத்து நிற்கவில்லை. குறித்த நாளுக்கு முன் உண்டான குத்தகைகளுக்கே அது பொருந்தும் என்று காலவரம்பு போடப்பட்டது. 1996இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கோயில், மடம் முதலிய சமய நிறுவனங்களின் அடிமனைகளைச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது. தலைமுறைகளாகக் கோயில் மனையில் குடியிருந்தவர்கள் ஒரே எழுத்தில் ஆக்கிரமிப்பாளர்களாகப் பேசப்படலாயினர். சட்டம் தந்ததைச் சட்டமே பறிக்கும். காத்துக்கொள்ளும் அமைப்பு இல்லாவிட்டால் எந்த உரிமையும் காகிதமே.

இதைவிட ஆழமாகச் சென்றது மேற்கு வங்கம். கொல்கத்தாவில் மண் ஒருவருடையது, குடிசை மற்றொருவருடையது என்ற ஏற்பாட்டுக்குத் 'திக்கா' குத்தகை என்று பெயர். 1949ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. இடது முன்னணி அரசின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், நடுவில் நின்று வாடகை வாங்கிய நில உரிமையாளரின் உரிமையை அரசே கையகப்படுத்தி, வீடு கட்டியவரை அரசின் நேரடிக் குத்தகைதாரராக்கியது. சென்னைச் சட்டம் மண்ணை விலைக்கு வாங்கச் சொன்னது. கொல்கத்தாச் சட்டம் இடைத்தட்டையே அகற்றியது.

வண்டூருக்குப் பொருந்துவது எது? தீவுகளின் நிலம் முழுவதும் அரசுக்கே உரியது என்று 1966ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை கூறுகிறது. மனைக்குச் 'சொந்தக்காரர்' என்று நாம் அழைப்பவரும் அரசிடமிருந்து நிலத்தைப் பெற்று வைத்திருப்பவரே. தன் கையில் முழு உரிமை இல்லாதவர் முழு உரிமையை விற்க முடியாது. ஆகவே சென்னையின் 9ஆம் பிரிவை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது. ஆனால், அரசே நிலத்தின் உடைமையாளராக இருக்கும் இடத்தில் திக்கா வழி எளிது. யாரிடமிருந்தும் மண்ணைப் பறிக்க வேண்டியதில்லை. பதிவேட்டில், உண்மையில் வீடு கட்டி வாழ்பவரின் பெயரை ஏற்றினால் போதும். தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. ஒன்றிய அரசே இங்கே நேரடியாக ஆள்கிறது. ஒழுங்குமுறையைத் திருத்தும் பொறுப்பிலிருந்து அது நழுவ முடியாது.

'இப்படிச் செய்தால் இனி யாரும் மனையைக் குத்தகைக்கு விட மாட்டார்கள்' என்பது இறுதி எதிர்ப்பு. வாடகை நியாயமாக வருவதை இந்தக் கோரிக்கை தடுக்கவில்லை. பிறரின் ஆறு லட்சத்தை ஐம்பதாயிரத்துக்கு விழுங்குவதை மட்டுமே தடுக்கிறது. அந்த விழுங்கலை நம்பித்தான் ஒருவர் குத்தகைக்கு விடுகிறார் என்றால், அதற்குக் குத்தகை என்று பெயரல்ல.

சட்டம் திருந்தும் வரையில் கிளைகள் செய்ய வேண்டிய வேலை உண்டு. நிரந்தரக் கட்டடத்துக்கு நிலக்காரரின் இசைவு வேண்டும் என்று அதே 108ஆம் பிரிவு கூறுவதால், கட்டும் முன் அந்த இசைவை எழுத்தில் பெறச் செய்யுங்கள். வாடகை ரசீதையும் சிமென்ட், தகடு வாங்கிய ரசீதையும் மின் இணைப்புத் தாளையும் ஒன்றாகக் காக்கச் சொல்லுங்கள். கட்டியது யார் என்பதற்கு அவையே சான்று. 'கட்டடத்துக்கு உரிமை கோரமாட்டேன்' என்ற வரி உள்ள எந்தத் தாளிலும் படித்துப் பார்க்காமல் கையொப்பமிட வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவிப்பு வந்தவுடன் அச்சத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம்: நிலம் தன் வசம் இருக்கும் வரையில்தான் அகற்றும் உரிமை, சாவியோடு அதுவும் போய்விடும்.

மண்ணை அவர் உண்டாக்கவில்லை. வீட்டை இவர் உண்டாக்கினார். கடல் கடந்து வந்த ஒவ்வொரு மூட்டைச் சிமென்ட்டுக்கும் இவருடைய கூலி கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைச் சட்டத்தில் ஏற்றுவதே வண்டூரிலிருந்து எழ வேண்டிய கோரிக்கை.