குப்பன் என்றால் ஏன் சிரிப்பு வருகிறது?

ஐந்து நிமிடக் குறுநாடகத்தில் ஒரு பாத்திரத்தை நிதானமாக அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. அவர் என்ன வேலை செய்கிறார், எப்படிப்பட்டவர், அவரிடம் எதற்குச் சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்வையாளர் நொடியில் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது பெயர். "பட்டு மாமா வர்றார்" என்று ஒரு குரல் கேட்டதுமே, தொட்டதற்கெல்லாம் நொட்டை சொல்லும் ஒரு பெரியவர் நம் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "முனியா!" என்று கூப்பிட்டால் வரப்போவது வேலையாள் என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு வரி வசனம்கூட எழுதாமலே நமக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை.

சுங்குவார்சத்திரம், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஆயுதபூஜைக்கும் குடும்ப நாளுக்கும் தொழிலாளர்களே எழுதி நடிக்கும் இத்தகைய நாடகங்களைப் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்த களைப்போடு ஒத்திகை பார்த்து, நல்ல நகைச்சுவை உணர்வோடு செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அந்த மேடைக்கு வந்துசேரும் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதே என் அக்கறை.

தமிழ் நகைச்சுவையில் வகைப்பெயர்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. முதல் வழி, செயலைப் பெயராக்குவது. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணி நடத்துவது ஒரு சைக்கிள் கடை. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பட்டமோ 'ஆல் இன் ஆல் அழகுராஜா'. 'மருதமலை' (2007) படத்தில் வடிவேலு 'என்கவுண்டர் ஏகாம்பரம்'. பெயரின் முன்பாதி ஒரு பீற்றல். பின்பாதி நம் தெருவில் யாருக்கும் இருக்கக்கூடிய சாதாரணப் பெயர். இரண்டையும் ஒட்டவைப்பது மோனை. ஆ-வுக்கு அ, எ-வுக்கு ஏ. காதுக்கு இனிமையாக இருப்பதால் பெயர் ஒரே தடவையில் மனதில் நிற்கிறது. சொல்லிக்கொள்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளிதான் சிரிப்பு. இதில் அழகுராஜா எந்தத் தெருவில் பிறந்தவர் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, பிறப்பைப் பெயராக்குவது. அம்பி, பட்டு மாமா, முனியன், குப்பன், முனியம்மா, சேட்டு. இங்கே அடைமொழி தேவையில்லை. பெயரைச் சொன்னதும் சாதியோ ஊரோ தொழிலோ தெரிந்துவிடுகிறது. அந்த மக்களைப் பற்றி ஏற்கெனவே சமூகத்தில் புழங்கும் எண்ணம் மீதி வேலையைச் செய்துவிடுகிறது. நாடகம் எழுதுபவரின் உழைப்பைச் சாதி மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

இந்த இரண்டாம் வழி எப்படி இவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு பழைய படம் நல்ல சாட்சி. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை வைத்து 1941-இல் வந்த 'சபாபதி'. அதில் டி.ஆர். ராமச்சந்திரன் பணக்கார வீட்டுப் பிள்ளை, காளி என். ரத்தினம் அவருடைய வேலைக்காரர். இருவருக்கும் பெயர் சபாபதிதான். இருவருமே அசடுகள். ஆனால் பார்வையாளருக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வருவதில்லை. ஒருவர் சபாபதி முதலியார், மற்றவர் வெறும் சபாபதி. ஒருவர் அசடாக இருந்தாலும் எசமான். மற்றவருக்கு அசட்டுத்தனம்தான் முழு அடையாளம். பெயர் ஒன்றாகவே இருந்தாலும் பின்னொட்டு ஆளைப் பிரித்துவிடுகிறது.

அந்தப் படம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள். சுங்குவார்சத்திரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் பலரும் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிறோம் என்றால், அது இந்த மண்ணில் தொடங்கிய போராட்டத்தின் பலன். இங்குள்ள ஆலை அடையாள அட்டைகளைப் பார்த்தால் பெரும்பாலும் பின்னொட்டு இருக்காது.

பின்னொட்டு போனது, ஆளைப் பிரித்துப் பார்க்கும் ஆசை போகவில்லை. அது பெயரின் முன்பகுதிக்கு இடம் மாறியது. பட்டம் சொல்லிக் காட்டியதை இப்போது பெயரே காட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் தடையில்லாமல் உயிர்வாழும் இடங்களில் ஒன்று நகைச்சுவை மேடை. நேரில் ஒருவரிடம் சாதி கேட்டால் அநாகரிகம். மேடையில் 'முனியன்' என்று பெயர் வைத்தால் தமாஷ்.

குப்பன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, "இது எங்கள் பிள்ளை இல்லை, குப்பையில் கிடைத்தது" என்று சாவை ஏமாற்றும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. பிள்ளையை எப்படியாவது பிழைக்க வைக்கத் துடித்த ஒரு தாயின் பயம் அந்தப் பெயரில் இருக்கிறது. இந்த வழக்கம் ஒரு சாதிக்கு மட்டும் உரியதும் அல்ல. புகழ்பெற்ற சமஸ்கிருத அறிஞர் ஒருவரின் பெயர் குப்புசாமி சாஸ்திரி. அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. 'சாமி'யும் 'சாஸ்திரி'யும் உதிர்ந்து 'குப்பன்' ஆனதும் சிரிப்பு வருகிறது. அப்படியானால் சிரிப்பு அந்தச் சொல்லில் இல்லை. மரியாதை விகுதி யாருக்கு மறுக்கப்பட்டதோ அவரைப் பார்த்து வருகிறது. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிப்பதாக இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதி வகுத்தது. 'குப்பனும் சுப்பனும்' என்று ஒன்றுமில்லாதவர்களைக் குறிக்கும்போது, நாம் அந்த விதியைத்தான் பேச்சுவழக்காக வைத்திருக்கிறோம்.

"அம்பி மாமாவையும்தானே கிண்டல் செய்கிறார்கள், எல்லோரும் சமம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் கிண்டல் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். 'அந்நியன்' (2005) படத்தின் அம்பி, விதி விதி என்று எல்லோரையும் படுத்தும் வழக்கறிஞர். படம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, பிறகு அவர் சொல்வதே சரி என்று நாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கிரேசி மோகன் நாடகங்களின் மாது ஒரு குழப்பவாதி. ஆனால் அவன்தான் கதாநாயகன். அவனுக்கு வீடு, காதல், குடும்பம் எல்லாம் உண்டு. சபா ரசிகர் தன் வீட்டுப் பையனைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். அம்பிக்கும் மாதுவுக்கும் பெயருக்குப் பிறகு ஒரு கதை இருக்கிறது. குப்பனுக்குப் பெயரோடு கதை முடிந்துவிடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெயரை மாற்றிப் பார்ப்பது. இந்தப் பகுதியில் ஒரு நிறுவன விழாவில் நான் பார்த்த நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாடகைக் குடியிருப்பு, மூன்று பாத்திரங்கள். மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததை ஊருக்கே சொல்லித் திரியும் அண்டை வீட்டுக்காரர் 'பந்தா பரமசிவம்'. தண்ணீர்த் தொட்டியைத் தினமும் எட்டிப் பார்த்துக் குறை சொல்லும் 'பட்டு மாமா'. துடைப்பத்தோடு வரும் ஒப்பந்தத் தொழிலாளி 'முனியன்'.

பரமசிவத்தைப் 'பந்தா பழனி' ஆக்குங்கள். ஒரு சிரிப்பும் குறையாது. இன்னும் பொருத்தமாக 'ஓவர்டைம் உலகநாதன்' என்றுகூட வைக்கலாம். ஓ-வுக்கு உ மோனையாக வரும். பட்டு மாமாவை 'ஏழுமலை அண்ணன்' ஆக்குங்கள். அக்ரகாரப் பேச்சால் வந்த சிரிப்பு போய்விடும். தண்ணீர்த் தொட்டியால் வந்த சிரிப்பு நிற்கும். எனவே பாதிப் பாத்திரம் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி முனியனை 'ஆதித்யா' ஆக்குங்கள். அந்த நாடகத்தில், "உன் பேர் என்னப்பா?" என்று பரமசிவம் கேட்பார், "முனியன் சார்" என்று பதில் வரும், அரங்கம் சிரிக்கும். அவருக்கு இருந்த நகைச்சுவை அவ்வளவுதான். "ஆதித்யா சார்" என்றால் அரங்கம் சிரிக்காது, அல்லது இந்த வேலைக்கு இந்தப் பெயரா என்று வேறு விதமாகச் சிரிக்கும். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பாத்திரத்துக்கு யாரும் எதையும் எழுதவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அந்த விழா முடிந்த பிறகும் பல நாட்களுக்கு, துப்புரவுப் பணியில் இருந்தவர்களை, அவர்களுடைய உண்மையான பெயர் என்னவாக இருந்தாலும், சிலர் 'முனியன்' என்றே கூப்பிட்டார்கள். அங்கே முனுசாமி என்ற பெயருடைய ஓர் இளைஞர் இருந்தார். தன்னை 'முனீஷ்' என்று கூப்பிடும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவின் பெயரைத் தாங்கி நின்றவர் அதை மறைக்க வேண்டியதாயிற்று. அயோத்திதாசரின் இயற்பெயர் காத்தவராயன். அவர் தன் ஆசிரியரின் பெயரை மரியாதையின் பொருட்டு ஏற்றுக்கொண்டார். கேலிக்குப் பயந்து பெயரை மாற்றிக்கொள்வதும், தானே தேர்ந்து ஒரு பெயரைச் சூடிக்கொள்வதும் ஒன்றல்ல.

பிறப்பைச் சொல்லும் பெயரை நகைச்சுவையில் தொடவே கூடாதா? தொடலாம். வழி காட்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 'நல்லதம்பி' (1949) படத்தில் அவர் நிகழ்த்திய காலட்சேபத்தின் நாயகன் 'கிந்தனார்'. பெயரைக் கேட்டதுமே நந்தனார் நினைவுக்கு வருவார். வருகிறவன் சேரிப் பிள்ளை என்று அரங்கத்துக்குத் தெரிந்துவிடும். சிதம்பரம் போக ஏங்கித் தீயில் இறங்கியவர் நந்தனார். கிந்தனோ படிப்புக்கு ஏங்கி ரயிலேறிச் சென்னைக்குப் போகிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பெயர் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பைக் கதை உடைக்கிறது. சிரிப்பு அவனை வெளியே நிறுத்தியவர்கள் மீது விழுகிறது. பெயரின் கடைசியில் 'ஆர்' இருப்பதையும் கவனியுங்கள். கேலிப் பெயரிலும் அவர் மரியாதை விகுதியை விட்டுவிடவில்லை.

எனவே அடுத்த ஆயுதபூஜைக்கு நாடகம் எழுதும் தோழர்களுக்கு ஒரே வேண்டுகோள். ஒரு பாத்திரத்துக்கு முனியன் என்று பெயர் வைத்தால், அவருக்குக் குறைந்தது இரண்டு வசனமும் ஒரு வெற்றியும் எழுதுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் அந்தப் பெயரைத் தொடாதீர்கள். இந்தத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர், சூப்பர்வைசர், வாடகையை ஏற்றிக்கொண்டே போகும் வீட்டுக்காரர் என்று அடைமொழி வைக்கத் தகுந்தவர்களுக்கா பஞ்சம்?