மூன்று இரவு வித்தையும் ஒரு மாத வேலையும்

"மூன்றே இரவுகளில் உங்கள் குழந்தை தன் அறையில் தனியே உறங்கும்" என்று கட்டண வகுப்பு விற்போர் ஒருபுறம்; குழந்தைக்குத் தனி அறை என்பதே மேற்கத்தியத் தனிமனிதவாதத்தின் இறக்குமதி என்று சீறுவோர் மறுபுறம். பெற்றோரின் கட்டிலில் உறங்கும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தையை அதன் அறைக்கு மாற்றுவது பற்றிய உரையாடல் இவ்விரு கூச்சல்களுக்கிடையே நசுங்கிக் கிடக்கிறது. இரு தரப்பாரும் குழந்தை எந்த இடத்தில் உறங்குகிறது என்பதையே பார்க்கின்றனர். குழந்தை எவ்வாறு உறக்கத்திற்குள் செல்கிறது என்பதை இருவருமே கவனிப்பதில்லை.

பண்பாட்டு வாதத்திற்கு ஓர் ஆய்வு வலுவூட்டுவதாகத் தோன்றும். ரிச்சர்ட் ஷ்வீடரும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, புவனேஸ்வரத்தில் யார் யாருடன் உறங்குகிறார்கள் என்பதை ஆராய்ந்து, அதற்குப் பின்னிருக்கும் அறநெறிகளைத் தேடியது. எளிதில் ஊறுபடக்கூடிய சிறு குழந்தையை இரவில் தனியே விடலாகாது என்பது அங்கே வலுவான நெறியாக இருந்தது. கணவன் மனைவிக்கென்று தனிப் படுக்கை என்ற அமெரிக்க நடுத்தர வர்க்க நெறிக்கு அங்கே அத்தகைய இடமில்லை. ஆகவே பெற்றோருடன் உறங்கும் மழலைக்கு நோய் என்று பெயர் சூட்டுவது அறியாமை. வீட்டில் எவருக்கும் அதனால் இடரில்லையெனில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த நெறி பல கைகள் இருந்த வீட்டில் வாழ்ந்தது. பாட்டி, அத்தை, மூத்த குழந்தைகள் எவருமில்லாத இரண்டு அறை வாடகை வீட்டில் அதே நெறியை உச்சரிக்கும்போது, இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரே உடல் தாயினுடையது என்பது மறைக்கப்படுகிறது.

புணேயில் வாழும் ஓர் இணையரை எடுத்துக்கொள்ளலாம். மனைவி ஆய்வேட்டின் இறுதி இயல்களை எழுதிக்கொண்டிருந்தார்; கணவர் கல்லூரி ஆசிரியர். மகளுக்கு வயது இரண்டரையைக் கடந்திருந்தது. கட்டிலில் இருவருக்கும் நடுவே உறங்கிய அவள் இரவில் மூன்று முறையேனும் விழித்து, தாயின் கையைத் தேடிப் பிடித்த பிறகே மீண்டும் கண்ணயர்வாள். மூன்று இரவு வகுப்பொன்றின் அறிவுரைப்படி கதவைச் சாத்திப் பார்த்தனர். குழந்தை வாந்தியெடுக்கும் வரை அழுதாள். முயற்சி இரண்டாம் இரவே நின்றது.

இங்கே நிகழ்வதைப் புரிந்துகொள்வது கடினமன்று. எல்லா மனிதரும் இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கின்றனர். உறங்கத் தொடங்கியபோது இருந்த நிலை மாறாதிருந்தால், விழித்ததே நினைவின்றி மீண்டும் உறங்கிவிடுகின்றனர். தாயின் கையைப் பிடித்தபடி உறங்கிய குழந்தைக்கு அந்தக் கைதான் தலையணை. விழிக்கும்போது அது காணாமற்போனால், நமது தலையணையை எவரோ உருவிக்கொண்டதைப் போன்ற நிலை. ஆகவே மாற்ற வேண்டியது உறக்கத்தின் வாசலில் இருக்கும் துணையை. அதையும் குழந்தை தாங்கும் அளவில், சிறிது சிறிதாக. ஆஸ்திரேலியக் குழந்தைநல மருத்துவத்தில் இதைக் 'கேம்பிங் அவுட்' என்பர்: பெற்றோர் அறையில் முகாமிட்டு, முகாமை மெல்ல வாசலை நோக்கி நகர்த்துவது. மெல்பர்னில் ஏழெட்டு மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு இதுவும், இடைவெளி விட்டுத் தேற்றும் முறையும் கற்பிக்கப்பட்டன. அந்தக் குழந்தைகளை ஆறு வயதில் மீண்டும் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவுகளில், உணர்ச்சி நலத்திலோ பெற்றோருடனான பிணைப்பிலோ தீங்கு தென்படவில்லை. நீண்டகால நன்மையும் தென்படவில்லை. இவை கைக்குழந்தைகளைப் பற்றிய முடிவுகள். நடந்து திரும்பி வரத் தெரிந்த மழலைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆயினும் இரு தரப்பாரின் மிகைக் கூற்றுகளுக்கும் இவை இடம் தருவதில்லை.

அந்த இணையர் இரண்டாம் முறை வேறு விதமாகத் தொடங்கினர். முதல் வாரம் எதையும் மாற்றாமல், குழந்தை உண்மையில் எப்போது உறங்குகிறாள் என்று குறித்துவைத்தனர். ஒன்பது மணிக்கு விளக்கணைத்தாலும் அவள் உறங்கியது பத்தேகாலுக்கு. பிற்பகல் உறக்கம் நாலரை வரை நீண்டிருந்தது. உறக்கம் வராத குழந்தையைப் புதிய அறையில் ஒன்றேகால் மணிநேரம் கிடத்தினால் அந்த அறையே போர்க்களமாகிவிடும். எனவே பகலுறக்கத்தை மூன்றரைக்கு முடித்தனர். புதிய அறையில் முதல் இரவுகளின் விளக்கணைப்பைப் பத்து மணிக்குத் தள்ளினர். அவள் விரைவில் உறங்கத் தொடங்கிய பின்னரே, கால் மணிநேரமாக முன்னுக்கு நகர்த்தினர். அதே வாரத்தில் மாலை விளையாட்டும் கதையும் அவளது அறைக்குப் போயின. இருள் வருமுன்னே அறை பழகிவிட வேண்டும்.

தமிழ் இலக்கணம் இங்கே உதவும். 'பழகு' தன்வினை, 'பழக்கு' பிறவினை. வகுப்பு விற்போர் குழந்தையைப் பழக்குகின்றனர். இம்முறையில் குழந்தை பழகுகிறாள்.

முதல் நான்கு இரவுகள் தந்தை அவளது படுக்கையருகே தரையில் பாய் விரித்துப் படுத்தார், கை அவள்மேல் இருந்தது. அடுத்து எழுந்து அமர்ந்தபடி கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு அருகில் நாற்காலியில் அமர்ந்தார். நாற்காலி அறையின் நடுவுக்கும், அங்கிருந்து கதவருகேயும், இறுதியில் கதவுக்கு வெளியேயும் சென்றது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று, நான்கு இரவுகள். பேச்சு இல்லை, கைபேசியும் இல்லை. ஒளிரும் திரையைப் பார்த்தால் எந்தக் குழந்தை உறங்கும்? நகர்த்தலாமா என்பதை நாட்காட்டி தீர்மானிக்கவில்லை. இருபது நிமிடத்திற்குள் அமைதியாக உறங்கினால் நாற்காலி நகர்ந்தது. முக்கால் மணியாகியும் உறங்காமல், இரண்டு இரவு தொடர்ந்து அழுதால் ஒரு படி பின்வாங்கியது. நடு அறையிலிருந்து அப்படி ஒருமுறை பின்வாங்க நேர்ந்தது.

பெரும்பாலோர் தோற்பது மாலையில் அல்ல, நள்ளிரவில். குழந்தை எழுந்து பெற்றோரின் கட்டிலுக்கு வந்தால், விவாதமின்றி "உன் படுக்கைக்குப் போவோம்" என்ற ஒரே வாக்கியத்துடன் அழைத்துச் சென்று, அன்றைய மாலை எங்கே அமர்ந்தார்களோ அதே இடத்தில் அமர வேண்டும். மாலையில் நாற்காலி, இரவில் பாய் என்றால் எது விதி என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் இரவு மூன்று மணிக்குக் களைப்பு மிகுந்து அவளைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டனர். தொடர்ந்து மூன்று இரவுகள் அவள் மூன்று மணிக்கு வந்தாள், முன்னினும் நீண்ட நேரம் அழுதாள். எப்போதாவது மட்டும் பலிக்கும் அழுகையே எளிதில் அணையாதது. நடத்தையியல் இதை இடைவிட்ட வலுவூட்டம் என்கிறது. இதை அடத்தின் அடையாளமாகக் கொண்டு குழந்தையைத் திட்டியோர், பரிசுச்சீட்டு வாங்குவோரைப் பார்த்ததில்லை போலும்.

இம்முறை எல்லா இரவுக்கும் பொருந்தாது. காய்ச்சலிலும், புதுப் பிள்ளை பிறந்த வாரங்களிலும், வீடு மாறும்போதும் தொடங்கலாகாது. குழந்தை பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டாலோ வாயைத் திறந்து மூச்சுவாங்கி விழித்தாலோ நாற்காலியை நகர்த்திப் பயனில்லை. மருத்துவரே பார்க்க வேண்டும்.

இருபத்தேழாம் இரவு அவள் தந்தை வெளியே அமர்ந்திருக்க உறங்கி, விடியும் வரை தன் அறையிலேயே இருந்தாள். அடுத்த மாதம் சளிக்காய்ச்சலில் தாயருகே உறங்கினாள். குணமானபின் நாற்காலி கதவருகிலிருந்து மீண்டும் தொடங்கி, நான்கு இரவில் வெளியேறியது.

மூன்று இரவு விளம்பரங்களில் ஒருபோதும் இடம்பெறாத செய்தி ஒன்றுண்டு. அந்த இருபத்தேழு இரவுகளில் பத்தொன்பதில் நாற்காலியில் இருந்தவர் தந்தை. உறங்கவைக்கும் துணை தாயின் கையாக இருந்த வீட்டில் அதுதான் மிகப் பெரிய மாற்றம். முதல் இரவில் அழுகை மிகுந்ததும் அதனால்தான். ஐந்தாம் இரவுக்குப் பின் மனைவி பத்தரை முதல் பன்னிரண்டு வரை எழுதினார். பெற்றோரின் பொறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர், அந்த நாற்காலியில் யார் அமர்ந்தார் என்பதை முதல் வரியில் எழுதட்டும்.