நகரசபைக்கு நாள் குறித்த கோர்ட்டு

தெருவிலே சாக்கடை தேங்கி நிற்கிறது. ராத்திரியானால் கொசுக்கடி தாங்கவில்லை. நகரசபையில் போய்க் கேட்டால், "பணம் இல்லை" என்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வது?

"கோர்ட்டுக்குப் போகலாம்" என்பார்கள் சிலர். "கோர்ட்டு வந்து சாக்கடை அள்ளுமா?" என்று கேட்பார்கள் வேறு சிலர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அது எப்படி என்பதை ஒரு பழைய வழக்கு நன்றாக எடுத்துக்காட்டுகிறது.

ரத்லம் 12-வது வார்டு

மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே 12-வது வார்டில் 'நியூ ரோடு' என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் பங்களாவும் உண்டு, குடிசையும் உண்டு. பங்களாக்காரர்களுக்கு வீட்டிலேயே கக்கூஸ் இருந்தது. ஏழைகளுக்கு அது இல்லை. பொதுக் கழிப்பிடமும் இல்லை. அவர்கள் எங்கே போவார்கள்? தெரு ஓரந்தான் அவர்களுக்குக் கழிப்பிடம்!

இது போதாதென்று, பக்கத்தில் இருந்த சாராய ஆலையின் கழிவு நீர் தெருவிலே பாய்ந்தது. சரியான வடிகால் கிடையாது. ஓடுகிற நீர் எல்லாம் குட்டையாகத் தேங்கியது.

தெருவாசிகள் நகரசபையிடம் முறையிட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை. கடைசியில் அந்த ஊர் சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, பொதுமக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றும்படி உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. அதன்படி, "6 மாதத்துக்குள் திட்டம் போட்டுத் தொல்லையை நீக்கு" என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவிட்டார்.

நகரசபை என்ன செய்தது? சாக்கடை வெட்டவில்லை. அப்பீல் செய்தது! செஷன்ஸ் கோர்ட்டு உத்தரவை ரத்துச் செய்தது. ஐகோர்ட்டு அதைத் திரும்பவும் நிலைநாட்டியது. நகரசபை விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

சுப்ரீம் கோர்ட்டில் நகரசபை சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பணம் இல்லை. மற்றொன்று, இடம் இப்படித்தான் என்று தெரிந்துதானே அங்கே குடி வந்தார்கள்!

1980-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் நீதிபதி கிருஷ்ணய்யரும், நீதிபதி சின்னப்ப ரெட்டியும். இரண்டு காரணங்களையும் அவர்கள் தள்ளிவிட்டார்கள். தெருவைச் சுத்தமாக வைப்பது நகரசபையின் சட்டக் கடமை, பணம் இல்லை என்று கூறி அதிலிருந்து நழுவ முடியாது என்றார்கள். வழக்காடுவதில் காட்டிய ஆர்வத்தில் பாதியைத் தெருவைச் சுத்தம் செய்வதில் காட்டியிருக்கலாமே என்றும் இடித்துரைத்தார்கள்.

தீர்ப்பில் என்ன இருந்தது?

இந்தத் தீர்ப்பைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது, அதன் கடைசியில் உள்ள கட்டளைகளைத்தான்.

"சுத்தம் செய்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நீதிபதிகள் எழுந்து போய்விடவில்லை. ஆலைக் கழிவு தெருவில் பாய்வதை உடனே நிறுத்த வேண்டும் என்றார்கள். 6 மாதத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பிடம் கட்ட வேண்டும், தண்ணீர் வசதி தரவேண்டும், காலையும் மாலையும் துப்புரவு செய்ய வேண்டும் என்றார்கள். வடிகால் கட்டினால் மட்டும் போதாது, அழுக்குக் குட்டைகளையும் மூட வேண்டும் என்றார்கள்.

வேலை முடிந்ததா என்று யார் பார்ப்பது? அதையும் சொன்னார்கள். 6 மாத முடிவில் நகரசபைச் சுகாதார அதிகாரி அறிக்கை கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால்? பொறுப்பான அதிகாரிகள் மீது மாஜிஸ்திரேட்டு வழக்குத் தொடர வேண்டும். வேண்டுமென்றே மீறியவர்கள் மீது கோர்ட்டு அவமதிப்பு நடவடிக்கையும் வரும்.

பணத்துக்கும் வழி பார்த்தார்கள். கோர்ட்டின் முன் பல திட்டங்கள் இருந்தன. அவற்றுள் செலவு குறைந்த ஒன்றை, சுமார் 6 லட்சம் ரூபாயில் முடியக்கூடியதை, ஏற்றார்கள். முடியாத வேலையைச் சொன்னால் அது நடக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தெருவை அசுத்தம் செய்தவர்கள் என்று குடிசைக்காரர்களை விரட்டச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கழிப்பிடம் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். நோயைக் கண்டவர்கள் நோயாளியை அடிக்கவில்லை!

கெடு மட்டும் போதுமா?

ரத்லம் வழக்கு தெருவாசிகளின் புகாரிலிருந்து தொடங்கியது. பொதுநலத்துக்காக யாரும் வழக்குப் போடலாம் என்ற முறை அதன் பிறகுதான் நாட்டில் நன்கு வேரூன்றியது. அப்படி வந்தவற்றில் ஒன்று குப்பை வழக்கு. 1996-ல் அல்மித்ரா படேல் என்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் அதைத் தொடுத்தார். அதன் விளைவாக, நகரக் குப்பையை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிக் கையாள வேண்டும் என்று 2000-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் விதிகள் கொண்டு வந்தது. குப்பையைப் பக்குவம் செய்யும் வசதிகளை 2003 டிசம்பர் 31-க்குள் அமைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது.

கெடு வந்தது, போயிற்று. பல ஊர்களில் குப்பை மலை அப்படியே நின்றது. விதிகளையே 2016-ல் மாற்றி எழுத வேண்டி வந்தது.

ஏன் இப்படி? நாடு முழுவதற்கும் ஒரே தேதி வைத்தார்கள். ஆனால் இந்த ஊரில் எந்த அதிகாரி பொறுப்பு, அவர் யாரிடம் போய்க் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வோர் ஊரிலும் உறுதியாகவில்லை. எல்லோருக்கும் பொறுப்பு என்றால், யாருக்கும் பொறுப்பு இல்லை என்றாகிவிடுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: உத்தரவின் பலம் அதைப் போட்ட கோர்ட்டு எவ்வளவு பெரியது என்பதில் இல்லை. அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்பதில் இருக்கிறது. என்ன வேலை? எந்தத் தேதிக்குள்? பார்வையிட்டு அறிக்கை தருபவர் யார்? தவறினால் யார் மீது நடவடிக்கை? இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், உத்தரவு அலுவலக அலமாரியில் தூங்கும்.

எங்கே தொடங்குவது?

உடனே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ரத்லம் மக்கள் பயன்படுத்திய அந்தப் பழைய 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 152-வது பிரிவாக இருக்கிறது. நம் ஊரில் ஆர்.டி.ஓ. என்று சொல்லுகிறோமே, அவரிடமே அதன்படி மனுக் கொடுக்கலாம். அவர் போடும் உத்தரவு, "இத்தனை நாளில் தொல்லையை அகற்று, முடியாதென்றால் ஏன் என்று நேரில் வந்து சொல்" என்ற முறையில் இருக்கும்.

மனுவில் "எங்கள் பகுதி சுகாதாரக்கேடாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை, எத்தனை நாளாகத் தேங்குகிறது, நகரசபையில் எந்தெந்தத் தேதிகளில் புகார் கொடுத்தோம் என்று எழுத வேண்டும். போட்டோக்களைச் சேர்க்க வேண்டும். என்ன வேலை வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே நடக்காவிட்டால் ஐகோர்ட்டு இருக்கிறது. அங்கேயும் இதே விவரங்களைத்தான் வக்கீல் கேட்பார்.

ஒன்றை மறக்கக்கூடாது. கோர்ட்டு வடிகால் கட்ட வைக்கும். அந்த வடிகாலை நாள்தோறும் தூர் வாரிக்கொண்டிருக்க அதனால் முடியாது. ஆறு மாத அறிக்கை தாக்கலானதும் வழக்கு முடிந்துவிடும். ஏழாவது மாதம் மறுபடி தண்ணீர் தேங்கினால், மனுப் போட்டவர்கள்தான் மறுபடியும் அதே தேதி, அதே கட்டளையைக் கையில் எடுத்துக்கொண்டு நகரசபைக்குப் போக வேண்டும். ஆகையால் தீர்ப்பு வந்த அன்றே அதன் நகலை வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!