கருவின் பெயரால் மறுக்கப்படும் எக்ஸ்ரே

மூன்று வாரமாக இருமலும் மாலைக் காய்ச்சலுமாக வரும் கர்ப்பிணிக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க மறுப்பது எச்சரிக்கையன்று. கணக்குப் பாராத அச்சம். அப்படத்தின்போது கருவை எட்டும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கு மேற்படாது. கர்ப்பகாலம் முழுவதும் இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு மட்டுமே ஏறத்தாழ 0.5 முதல் 1 மில்லிகிரே வரை தந்துவிடுகிறது. பிறவிக் குறைபாடோ கருச்சிதைவோ 50 மில்லிகிரேக்குக் கீழ் கூடுவதாகச் சான்றில்லை. இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனும் பெரும்பாலும் அவ்வரம்புக்குள் அடங்கும். எனினும் அங்கே தயங்குவதில் பொருளுண்டு. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை, எம்.ஆர்.ஐ.யில் காடோலினியம் ஊசியைத்தான் தவிர்க்க வேண்டும். ஆனால் காற்று நிரம்பிய நுரையீரலின் ஆழத்தை அல்ட்ராசவுண்ட் காட்டாது. ‘ஸ்கேன் போதும்’ என்று திருப்பி அனுப்பப்படுபவரின் காசநோய் பிரசவம்வரை கண்டறியப்படாமலே வளரக்கூடும். பிறந்த குழந்தைக்கும் அவர் இருமலிலேயே தொற்றக்கூடும்.