ஒரு நாள் தவறினால் முழு வட்டி

தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை வட்டியில்லாக் கடன் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கணக்குச் சீட்டைப் பிரித்தால் 7 சதவீத வட்டி அச்சாகியிருக்கும். வட்டி உண்டு; கெடுவுக்குள் கட்டியவருக்காக அதை அரசுகள் கட்டுகின்றன. 3 சதவீதம் மத்திய அரசின் ஊக்கத்தொகை, மீதி 4 சதவீதம் மாநில அரசுடையது.

பருத்திக்கு 60,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 10-ல் ரொக்கம் 45,000, ஆகஸ்ட் 9-ல் உரமாக 15,000. இரண்டுக்கும் கெடு 2025 மார்ச் 7. ரொக்கத்துக்கு 240 நாள் வட்டி 2,071 ரூபாய். உரத்துக்கு 210 நாள் வட்டி 604. ஆக 2,675. வட்டி அந்தந்தப் பகுதி வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓட வேண்டும். உரத்துக்கும் ஜூலை 10-லிருந்தே போட்டிருந்தால் 86 ரூபாய் கூடியிருக்கும். உர ரசீதின் தேதியைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 7-க்குள் கட்டினால் அசல் 60,000 மட்டும். கெடு தாண்டினால் 2,675 முழுவதும் உறுப்பினர் தலையில் விழும். அதன்பிறகு ஓடும் வட்டியும் அபராத வட்டியும் தனி. 240 நாள் ஒழுங்காக இருந்ததற்குச் சலுகையில் பங்கு கிடையாது.

தகராறு பெரும்பாலும் எந்தத் தேதியில் கட்டியதாகக் கொள்வது என்பதில்தான் வரும். கடனைக் கொடுப்பது ஊர்ச் சங்கம். பணம் வந்து விழுவது மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் சேமிப்புக் கணக்கில். அதே கணக்கில் போட்டுவிட்டால் கடன் அடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மார்ச் 7 வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, அடுத்து ஞாயிறு. வெள்ளி மாலை சேமிப்பில் போட்ட பணம் திங்களன்று கடன் கணக்குக்கு மாறினால், சீட்டில் மார்ச் 10 என்றுதான் இருக்கும். கையில் இருக்க வேண்டியது கடன் எண்ணும் தேதியும் போட்ட சங்கத்து ரசீது. வங்கியின் செலுத்துச் சீட்டு அதற்கு ஈடாகாது.

கெடுவுக்குள் கட்டிய பிறகும் வட்டிப் பத்தியில் பாக்கி நின்றால் பதற வேண்டாம். அது அரசிடமிருந்து சங்கத்துக்கு வரவேண்டிய மானியமாக இருக்கலாம். அசல் பாக்கி பூச்சியமா, அந்த வட்டி யார் பெயரில் நிற்கிறது என்று செயலாளரிடம் கேட்டுக் குறித்து வாங்குவது நல்லது. அடுத்த கடன் கேட்கும்போது அது தவணை தவறியதாகக் கிளம்பக் கூடாது.

இந்தக் கெடுவுக்குப் பயந்துதான் பலர் வட்டிக்குக் கைமாற்று வாங்கிக் கட்டி, புதுக்கடன் எடுத்து அதைத் திருப்புகிறார்கள். வட்டியில்லாக் கடனுக்கு வெளியே கட்டும் இந்த வட்டி எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை. விளைச்சல் விற்றுப் பணமாக ஆகும் காலத்தைப் பார்த்துக் கெடுவை வைத்தால் இதில் பாதி குறையும். சலுகையை ஒரே நாளில் முழுதாகப் பறிக்காமல், தாமதமான நாளுக்கு ஏற்பக் குறைத்தால் இன்னும் நியாயம். அதற்கு அரசாணை வேண்டும். ஆனால், கெடு நாளையும் தவறினால் கட்ட வேண்டிய தொகையையும் சீட்டின் தலையில் பெரிய எழுத்தில் அச்சிடச் சங்கங்கள் எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.